அப்பாவி வாயில் தயிர்

ஆகஸ்ட் மாதத்தின் முதல் ஞாயிறு நெருங்கினால் எங்கள் பள்ளித் தோழிகள் எல்லோருக்கும் ஆளுக்கொரு அட்டை எழுதுவது என் வழக்கம். ஐ.நா. சபை 2011-இல் ஜூலை 30-ஐ நட்பு நாளாக அறிவித்தது. நம் ஊரில் அது பெரிதாக ஒட்டவில்லை. ஆகஸ்ட் முதல் ஞாயிறுதான் நமக்குப் பழக்கம். ஞாயிறன்று பள்ளி இல்லாததால் வெள்ளிக்கிழமையே கையில் பட்டை கட்டி, அட்டை கொடுத்து முடித்துவிடுவோம். அந்த நாளிலிருந்து இன்றுவரை அட்டைக்குள் எழுதுகிற இரண்டு வரிதான் எனக்கு முக்கியம். படம், ஒட்டு, மினுக்கல் எல்லாம் அப்புறம்.

கடையில் கிடைக்கிற தமிழ் அட்டைகளிலும், ஒருவர் எழுதி நூறு பேர் அனுப்புகிற வாழ்த்துகளிலும் இரண்டடிகள் பெரும்பாலும் இந்த மாதிரிதான் இருக்கும். நானே ஒன்று செய்து காட்டுகிறேன்:

பள்ளியிலே என்பக்கம் அமர்ந்தாய்
உள்ளத்தில் நட்பாக மலர்ந்தாய்

படிக்க இனிமைதான். ஆனால் மறந்துபோகும். யாரும் சிரிக்கவும் மாட்டார்கள். அதற்கு ஒரு காரணம் தமிழ் வாக்கியத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. நம் மொழியில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. 'நீ' என்று தொடங்கிய வாக்கியம் பெரும்பாலும் 'ஆய்' என்று முடியும். 'நான்' என்று தொடங்கினால் 'ஏன்', 'நாம்' என்று தொடங்கினால் 'ஓம்'. அமர்ந்தாய், மலர்ந்தாய், வந்தாய், தந்தாய், சிரித்தாய், பிரிந்தாய் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். வரிக் கடைசியில் வருகிற இந்த ஒலி ஒற்றுமைக்கு இயைபு என்று பெயர். வினை விகுதியில் நிற்கும் இயைபு யாருக்கும் உழைக்காமலே கிடைத்துவிடுவதால் காது அதற்குப் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை.

இன்னொரு சிக்கல் நகைச்சுவை எழுதுகிறவருக்கு மட்டும் வருவது. சிரிப்பு பெரும்பாலும் கடைசிச் சொல்லில் வெடிக்க வேண்டும். அந்தக் கடைசி இடத்தை 'மலர்ந்தாய்' என்ற வினை பிடித்துக்கொண்டால், சிரிக்க வைக்கும் சொல் வரி நடுவில் மாட்டிக்கொள்கிறது. முதல் வரி 'அமர்ந்தாய்' என்று முடிந்த உடனே இரண்டாம் வரி எப்படி முடியும் என்று படிக்கிறவர் பாதி ஊகித்தும் விடுகிறார். ஊகித்தபின் சிரிப்பு ஏது?

தமிழ்ச் செய்யுள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. நம் பழைய இரண்டடிகள் ஒலியைத் தலையில் வைக்கின்றன. திருக்குறளில் நட்பு அதிகாரத்தில் 786-ஆவது குறளை எடுத்துக்கொள்ளுங்கள்:

முகநக நட்பது நட்பன்று நெஞ்சத்து
அகநக நட்பது நட்பு

முக, அக. இரண்டு அடியின் முதல் சொல்லிலும் இரண்டாம் எழுத்து ஒன்றாக வருகிறது. இதுதான் எதுகை. பள்ளியில் எல்லோரும் படித்ததுதான், மதிப்பெண்ணுக்காகப் படித்ததால் மறந்துவிட்டோம். எதுகையில் ஒரு சிறு நிபந்தனை உண்டு. இரண்டாம் எழுத்து ஒன்றாக இருந்தால் போதாது, முதல் எழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும். குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். 'பாடம்' என்பதற்கு 'மாடம்' எதுகை, 'படம்' எதுகை ஆகாது. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் காதே சொல்லிவிடும்.

அட்டைக்கு இதனால் என்ன லாபம் என்றால், பாட்டுக்குரிய ஒலி அடியின் தொடக்கத்திலேயே கிடைத்துவிடுகிறது. அப்புறம் அடியின் கடைசி முழுதாக நம் கைக்கு வருகிறது. அங்கே என்ன சொல்லை வேண்டுமானாலும் வைக்கலாம். யாரும் எதிர்பார்க்காத சொல்லையும் வைக்கலாம். வேடிக்கையான இரண்டடிக்குத் தமிழில் எதுகையைவிடப் பொருத்தமான கருவி எனக்குத் தெரியாது.

குறளில் நகைச்சுவைக்கு உதவும் இன்னொன்றும் இருக்கிறது. முதல் அடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்றுதான். படித்துக்கொண்டே வருகிற காது இரண்டாம் அடியிலும் நான்காவது சீரை எதிர்பார்க்கும். அது வராமல் அடி சட்டென்று நிற்கிறது. அந்த வெற்றிடத்தில்தான் சிரிப்பு வரும். முழு வெண்பா இலக்கணம் அட்டைக்குக் கட்டாயமில்லை. ஆனால் 'முதல் வரி நான்கு சொல், இரண்டாம் வரி மூன்று சொல்' என்ற அளவை மட்டும் வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஒரு அட்டை எப்படி உருவானது என்று தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்.

எட்டாம் வகுப்பில் எனக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்த தோழி ஒருத்திக்கு எழுத வேண்டும். சாப்பாட்டு மணி அடிப்பதற்கு முந்தைய பீரியடில் என் டிபன் டப்பாவை எடுத்துத் திறந்து சாப்பிட்டுவிடுவாள். அதில் அவள் கெட்டிக்காரி, மூடியைத் திறக்கும் சத்தம்கூட வராது. ஒருநாள் மணி அடித்தது, டப்பாவைத் திறந்தேன், சுத்தமாகக் காலி. திரும்பிப் பார்த்தால் இரண்டு கையையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு, எனக்கென்ன தெரியும் என்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். வாயோரத்தில் தயிர்.

இதை எழுத உட்கார்ந்தபோது முதலில் கைக்கு வந்தது இதுதான்:

மதிய உணவைப் பகிர்ந்து உண்டோம்
மனதில் நட்பின் இனிமை கண்டோம்

உண்டோம், கண்டோம் என்று வழக்கமான இயைபு. அதைவிடப் பெரிய குறை, இந்த வரியை எந்தத் தோழிக்கும் அனுப்பலாம். அவளுடைய திருட்டு இதில் இல்லை. நான் பகிரவே இல்லையே, அவள்தான் எடுத்துக்கொண்டாள்! 'பகிர்ந்து உண்டோம்' என்று எழுதிய உடனே நடந்தது மாறிப்போய் எல்லோருக்கும் நடந்த ஒன்றாகிவிட்டது.

எனவே பாட்டை ஒதுக்கிவைத்துவிட்டு நடந்ததை உரைநடையில் ஒரே வாக்கியமாக எழுதினேன். 'டப்பாவைத் திறந்தேன், காலி. நீ ஒன்றும் தெரியாதவள் மாதிரி உட்கார்ந்திருந்தாய், ஆனால் உன் வாயோரம் தயிர் ஒட்டியிருந்தது.' எப்போதும் இப்படித்தான் தொடங்குகிறேன். உரைநடையாகச் சொல்லும்போதே கொஞ்சமாவது சிரிப்பு வராத நிகழ்ச்சி பாட்டாக்கினாலும் வராது.

அடுத்ததாக, இந்த வாக்கியத்தில் சிரிப்பு எந்தச் சொல்லில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். காலி டப்பாவிலோ அவள் முகத்திலோ இல்லை. தயிரில் இருக்கிறது. ஆகவே தயிர்தான் கடைசிச் சொல்லாக வர வேண்டும். 'ஒட்டியிருந்தது' என்ற வினை அதற்குப் பின்னால் வந்து நின்றால் தயிரின் மேல் துணி போர்த்தியது போல ஆகிவிடும். நல்ல வேளையாகத் தமிழில் வினையே இல்லாமல் வாக்கியம் முடியும். 'கையில் புத்தகம்', 'வாசலில் கோலம்' என்றால் முழு வாக்கியம்தான். 'வாயில் தயிர்' என்றாலும் அப்படியே. வினையை எடுத்துவிட்டால் பெயர்ச்சொல் கடைசிக்கு வந்துவிடும். வேடிக்கையான இரண்டடி எழுதும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இரண்டாம் அடியில் வினைமுற்றை எடுத்துவிட்டுப் பாருங்கள் என்பதைத்தான்.

கடைசிச் சொல் கிடைத்தது, இனி முதல் சொல். 'டப்பா' தவிர வேறு எதையும் யோசிக்கத் தேவையில்லை, கதை அங்கேதான் தொடங்குகிறது. டப்பாவுக்கு எதுகை தேட, முதல் எழுத்தை மாற்றி மாற்றி வாய்விட்டுச் சொல்வேன். ட குறில், எனவே குறில் மட்டும்தான். அப்பா, சப்பாத்தி, தப்பாமல், துப்பாக்கி, முப்பாட்டன். 'ப்' மட்டும் ஒத்தால் போதுமென்றால் உப்பு, கப்பல், எப்போது, சிப்பி என்று பட்டியல் நீளும். 'ப்பா' வரை ஒத்தால் ஓசை இன்னும் நிறைவாக இருக்கும். 'காப்பி' வராது, கா நெடில். சப்பாத்தியை வைத்துக் கொஞ்ச நேரம் உருட்டினேன், ஆனால் அன்று சப்பாத்தி இல்லை. நடக்காததை எதுகைக்காகக் கொண்டுவந்தால் தோழி உடனே கண்டுபிடித்துவிடுவாள், அது சப்பாத்தி இல்லையே என்று.

அப்பா என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அப்பாவி வந்தது. 'ஒன்றும் தெரியாதவள் மாதிரி உட்கார்ந்திருந்தாய்' என்ற நீளமான துண்டு முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிட்டது. அப்போது எழுதிய வடிவம் இது:

டப்பா திறந்தேன் தயிர்சாதம் காணவில்லை
அப்பாவி வாயில் தயிர்

கிட்டத்தட்ட முடிந்த மாதிரிதான். மறுநாள் படித்தால் ஏதோ இடித்தது. முதல் அடியிலேயே தயிர் வந்துவிட்டது! தயிர்சாதம் காணாமல் போனது என்று சொல்லிவிட்டால், யார் வாயில் என்ன இருக்கும் என்பது தெரிந்துவிடுகிறது. கடைசிச் சொல் அதற்கு முன்னால் எங்கேயும் தலைகாட்டக்கூடாது. முதல் அடி காலி என்பதை மட்டும் சொல்ல வேண்டும், என்ன காலி என்று சொல்லக்கூடாது. கடைசியில் இப்படி நின்றது:

டப்பா திறந்தேன், ஒருபருக்கை இல்லையே!
அப்பாவி வாயில் தயிர்.

முதல் அடியைப் படிக்கும்போது ஒரு புகார் மட்டும் தெரிகிறது. இரண்டாம் அடியின் முதல் சொல் யாரையோ காப்பாற்றுகிறது. கடைசிச் சொல் அவளை மாட்டிவிடுகிறது. சீர் பிரித்துப் பார்த்தபோது இது இலக்கணப்படியே குறள் வெண்பாவாக அமைந்திருந்தது, அதில் எனக்கு உண்மையிலேயே பெரிய மகிழ்ச்சி. மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர் என்று வகுப்பில் ஒப்பித்தோமே, அந்தத் தளைக் கணக்கு. டப்பா தேமா, அதற்கடுத்த 'திறந்' நிரை. திறந்தேன் புளிமா, அடுத்து 'ஒரு' நிரை. ஒருபருக்கை காய்ச்சீர், அடுத்து 'இல்' நேர். இல்லையே விளம், அடுத்து 'அப்' நேர். அப்பாவி காய், அடுத்து 'வா' நேர். வாயில் தேமா, அடுத்து 'தயிர்' நிரை. கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில் ஒன்றாக இருக்க வேண்டும். தயிர் என்பது மலர்.

அட்டையில் இதை எங்கே எழுதுவது என்பதும் முக்கியம். இரண்டு வரியையும் உள்ளே ஒன்றாக எழுதினால் கண் ஒரே நொடியில் கடைசிச் சொல்லுக்கு ஓடிவிடும், காது வருவதற்கு முன்பே. அதனால் முதல் அடியை அட்டையின் முகப்பில் எழுதுகிறேன், கூடவே மூடி திறந்த ஒரு டிபன் டப்பா படம். இரண்டாம் அடி உள்ளே, வெற்றுத் தாளின் நடுவில், தனியாக. மடிப்பைத் திறக்கிற நேரம்தான் இரண்டு அடிக்கும் இடையே வேண்டிய இடைவெளி. ஏ4 தாளை இரண்டு முறை மடித்தால் பத்தரை சென்டிமீட்டர் அகலம் கிடைக்கும். நான்கு சீர் அந்த அகலத்தில் ஒரே வரியில் அடங்காது, கடைசிச் சொல் நசுங்கும். இரண்டு சீருக்குப்பின் கீழே இறக்கி எழுதலாம்: 'டப்பா திறந்தேன்', அடுத்த வரியில் 'ஒருபருக்கை இல்லையே!'. ஒரு முறை மட்டும் மடித்து, நீளவாக்கில் பிடித்தால் சிக்கலே இல்லை. ஜெல் பேனாவில் எழுதினால் மூடுவதற்கு முன் காயவிடுங்கள், இல்லாவிட்டால் தயிர் எதிர்ப்பக்கத்திலும் பதியும்.

மற்றத் தோழிகளுக்கு எழுதியதில் எனக்குப் பிடித்த சிலவற்றைச் சொல்கிறேன். ஒருத்தி என்னிடம் பேனா வாங்கினால் அது திரும்பாது. மை பேனா, பால்பாயிண்ட் பேனா எல்லாமே அவளிடம் போய்ச் சேரும்.

பேனா கடன்கொடுத்தேன் எட்டாம் வகுப்பிலே;
தானாய்த் திரும்புமோ சொல்?

இதிலே கேள்வியாக முடிப்பதில் ஒரு வசதி உண்டு. அவள் பதில் சொல்லியே ஆக வேண்டும். வாழ்த்து வாங்கினால் 'நன்றி' என்று ஒரு சொல்லோடு முடித்துவிடலாம், கேள்வி வந்தால் முடியாது. அவள் ஒரு பேனாவைத் தபாலில் அனுப்பினாள், புதியது. பழையது எங்கே என்று அடுத்த ஆண்டு கேட்டு எழுதினேன்.

இன்னொருத்தி பள்ளிக்கு என்னை சைக்கிளில் பின்னால் வைத்து அழைத்துப்போவாள். வழியில் ஒரு ஏற்றம் உண்டு. அதில் இறங்கி நடக்கலாம் என்று நான் சொல்வேன், அவள் விடமாட்டாள், நின்றுகொண்டே மிதிப்பாள்.

முன்னே மிதித்தாய்நீ; பின்னே அமர்ந்தேன்நான்;
இன்னும் வலிக்குதா கால்?

வலிக்கிறதா என்று எழுத்து வழக்கில் எழுதினாலும் இந்த அடி தளை தட்டாது, பார்த்துவிட்டேன். ஆனால் அவளிடம் நான் 'வலிக்கிறதா' என்று ஒருநாளும் கேட்டதில்லை. 'வலிக்குதா' என்றுதான் கேட்டேன். அட்டையில் குரல் கேட்க வேண்டும், அதனால் பேச்சு வடிவத்தையே வைத்தேன். நண்பா, தோழியே, உயிரே போன்ற விளிச்சொற்களையும் இதனால்தான் தவிர்க்கிறேன். பள்ளியில் 'ஏய்' என்றும் 'வாடி' என்றும் கூப்பிட்டவளை அட்டையில் 'அன்புத் தோழியே' என்று எழுதினால் வேறு யாருக்கோ வந்த அட்டையைப் பிரித்த மாதிரி இருக்கும் அவளுக்கு. சிரிப்பும் கூடவே போய்விடும். வெளியூர்ப் பேச்சில் சொல் மாறும். உங்கள் வகுப்பில் என்ன சொல்லிக் கூப்பிட்டீர்களோ அதுதான் சரி.

எங்கள் வாட்ஸப் குழுவில் தினமும் காலை வணக்கப் படம் போடுகிறவள் ஒருத்தி இருக்கிறாள். இரவே தயார்செய்து வைத்து, விழித்ததும் ஒரு கண்ணால் பார்த்து அனுப்பிவிட்டு மீண்டும் தூங்கிவிடுவதாக அவளே சொன்னாள்.

குழுவில் தினம்காலை வாழ்த்தனுப்பும் தோழி
எழுவதோ பத்து மணிக்கு.

இதுவும் வெண்பாதான், 'மணிக்கு' பிறப்பு வாய்பாடு. ஆனால் மேலே சொன்ன மூன்றைவிட இதைச் சற்றுக் கீழேதான் வைப்பேன். டப்பாவும் சைக்கிளும் எங்கள் இருவருக்கு மட்டும் நடந்தவை. காலை வாழ்த்து அனுப்பிவிட்டுத் தூங்குகிறவர்கள் எல்லாக் குழுவிலும் இருக்கிறார்கள். பள்ளித் தோழிக்கு எழுதும்போது பள்ளியிலிருந்து ஒரு பொருளை எடுப்பது எப்போதும் பலன் தருகிறது. டஸ்டர், ஜாமெட்ரி பாக்ஸ், இங்க் கறை, வருகைப் பதிவேடு, பி.டி. பீரியட், மழை விடுமுறை என்று எதையாவது. நட்பு, அன்பு, நினைவு, இதயம் என்ற சொற்கள் இரண்டடிக்குள் வந்தால் பொருளுக்கு இருந்த இடம் போய்விடும். ஏழு சீர்தான் இருக்கிறது, அதில் எதற்கும் வீண் இடம் கிடையாது.

வெண்பா ஆசை அளவு மீறினால் அட்டை கெடும் என்பதையும் சொல்ல வேண்டும். கணக்குப் பரீட்சையில் ஒருத்தி தாளைப் பார்த்து நான் எழுத, இரண்டு பேருக்கும் பூஜ்யம் வந்த கதை ஒன்று உண்டு. கணக்கு என்றதும் 'உனக்கு' என்ற சொல் எதுகை போலத் தோன்றும். ஆனால் ண வேறு, ன வேறு. வணக்கம் சரியான எதுகை. வெண்பாவாக்கிப் பார்த்தபோது இப்படி வந்தது:

கணக்கில் உனைப்பார்த் தெழுதினேன் தோழி
வணக்கம் இருவர்க்கும் முட்டை

'உனைப்பார்த் தெழுதினேன்' என்று சொல்லைச் சீருக்காக இரண்டாகப் பிளந்தது புலவர்களுக்குப் பழக்கமான வேலை. அட்டையைப் பிரிக்கிறவருக்கு அப்படி இல்லை. அந்த இடத்தில் நாக்கு ஒரு கணம் தடுக்கும், தடுக்கிய பின் சிரிப்பு பிந்திவிடும். அதோடு 'முட்டை' என்ற சொல் வெண்பாவின் கடைசியில் நிற்க இலக்கணம் இடம் தராது, அது அந்த நான்கு வாய்பாட்டில் எதிலும் அடங்காது. முட்டையை எடுத்துவிட்டு வேறு சொல் தேடினேன், பூஜ்யமும் பொருந்தாது. ஒரு கட்டத்தில் இலக்கணத்தை விட்டுவிட்டு, எதுகையை மட்டும் பிடித்துக்கொண்டு எழுதினேன்:

கணக்கில் உன்னைப் பார்த்து எழுதினேன்;
வணக்கம்டி, இருவருக்கும் முட்டை!

அட்டைக்கு இதுதான் நல்லது. எதுகை கட்டாயம், குட்டையான இரண்டாம் அடி கட்டாயம், கடைசிச் சொல் கட்டாயம். தளை அமைந்தால் மகிழ்ச்சி, அமையாவிட்டால் போகட்டும்.

பெயரை வைத்து எழுதுவதும் பலருக்குப் பிடிக்கும். ரவி என்றால் செவி, கவி, தவி. குமார் என்றால் சமாளி, சமாதானம். கீதா என்றால் ஏதாவது. முருகன் என்றால் அருகில், உருகு, பருகு என்று வரும்போது எருமையும் வந்து நிற்கும். எதுகை சரிதான், ஆனாலும் அதை எழுதாதீர்கள். எதுகை எடுத்துக் கொடுத்த சொல்லுக்காக ஒருவரைக் கேலி செய்வது வேறு, நடந்த ஒன்றை நினைத்து இருவரும் சேர்ந்து சிரிப்பது வேறு.

எதைக் கேலி செய்யலாம் என்பதில் நான் கண்டிப்பானவள். செய்ததைக் கேலி செய்யலாம், இருப்பதைக் கேலி செய்யக்கூடாது. சாதத்தைத் தின்றது, பேனாவைத் திருப்பாதது, தூங்கிப்போனது எல்லாம் செய்தவை. நிறம், உயரம், உடம்பு, திக்குவாய், வீட்டு வறுமை ஆகியவை இருப்பவை. பள்ளியில் அவற்றை வைத்துப் பட்டப்பெயர் கூப்பிட்டிருப்போம், அவர்களும் கூடச் சிரித்திருப்பார்கள். அந்தச் சிரிப்பை நம்பி இன்று அட்டையில் எழுதக்கூடாது. மதிப்பெண்ணைப் பற்றிய கேலியிலும் கவனம் வேண்டும். இருவருக்கும் முட்டை என்றால் சிரிக்கலாம், அவளுக்கு மட்டும் முட்டை என்றால் அது வேறு. பள்ளிக் கால ஈர்ப்புகளைத் தொடவே தொடாதீர்கள். அட்டை அவள் வீட்டு அலமாரியில் நிற்கும், கணவர் படிப்பார், மாமியார் படிப்பார், பிள்ளைகள் அர்த்தம் கேட்பார்கள்.

அனுப்பும் முன் ஒரு சோதனை செய்கிறேன். வகுப்பில் எங்களோடு படித்த மூன்றாவது ஒருத்திக்குத் தொலைபேசியில் இரண்டு வரியையும் படித்துக் காட்டி, யாருக்கு என்று மட்டும் கேட்பேன். தயிர் என்று நான் முடிக்கும் முன் அவள் பெயரைச் சொன்னால் வரி சரி. 'யாருடி?' என்று கேட்டால் நிகழ்ச்சி இன்னும் வரிக்குள் வரவில்லை. 'ஐயோ பாவம்' என்றால் அந்த வரியையே தூக்கிப்போட வேண்டும். சிரித்துவிட்டு, 'இதை அனுப்பாதே' என்று சொன்னால் காரணம் கேட்காமல் கேட்டுக்கொள்வேன், அவளுக்குத் தெரிந்த ஏதோ எனக்குத் தெரியாமல் இருக்கலாம்.

இரண்டு அடிக்குக் கீழே எதுவும் எழுதாதீர்கள் என்பது என் அழுத்தமான கருத்து. தயிர் என்று முடித்துவிட்டு, 'சும்மா விளையாட்டுக்குடி, நீ என் உயிர்த் தோழி' என்று ஒரு வரி சேர்க்க எல்லோருக்கும் கை அரிக்கும். அந்த வரி சிரிப்பை அணைத்துவிடும், அன்பையும் கூட்டாது. பதினான்கு வயதில் அவள் வாயோரத்தில் இருந்த தயிரை இத்தனை வருடம் நினைவில் வைத்திருக்கிறேன் என்றால் மீதி அவளுக்குத் தெரியும். கையெழுத்து மட்டும் போதும். அன்று அவள் என்னைக் கூப்பிட்ட பெயரில் கையெழுத்திட்டால் இன்னும் நல்லது.

இப்போது தோழிகள் பல ஊர்களில், சிலர் பல நாடுகளில் இருக்கிறார்கள். அட்டையைப் படமெடுத்து அனுப்புவதென்றால் முகப்பையும் உள்பக்கத்தையும் ஒரே படத்தில் எடுக்காதீர்கள். முகப்பை அனுப்பி, அவள் பார்த்துவிட்டாள் என்பதற்கான நீலக் குறி வந்தபின் உள்பக்கத்தை அனுப்புங்கள். தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு நான் குரல் பதிவாகவும் அனுப்புகிறேன். அதில் முதல் அடியைப் புகார் சொல்லும் குரலில், வேகமாகச் சொல்ல வேண்டும். பிறகு ஒரு மூச்சு. 'அப்பாவி' என்பதைக் கொஞ்சம் இழுத்து, 'வாயில்' என்பதைச் சாதாரணமாக, 'தயிர்' என்பதைக் குரலை உயர்த்தாமல் சொல்ல வேண்டும். கடைசிச் சொல்லை நாமே சிரித்துக்கொண்டு சொன்னால் கேட்கிறவருக்குச் சிரிக்க இடமிருக்காது. பதிவை முடிக்கும் பொத்தானை அந்தச் சொல்லுக்குப் பிறகு உடனே விட்டுவிடுங்கள்.